பேச்சு எங்கே முடிகிறது?

மாமன் லாபானிடம் 20 ஆண்டுகள் உழைத்துவிட்டு யாக்கோபு சொந்த நாட்டுக்குத் திரும்புகிறான். போகும் வழியில் அண்ணன் ஏசாவைச் சந்தித்தாக வேண்டும். தந்தையின் ஆசியைத் தம்பி தந்திரமாகப் பறித்துக்கொண்டான் என்பதால், ஒரு காலத்தில் அவனைக் கொல்லவே உறுதி பூண்டிருந்தவன் ஏசா. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லையோ என்ற பயத்தில் யாக்கோபு முன்கூட்டியே ஆட்களை அனுப்புகிறான். தொடக்க நூல் என்றும் ஆதியாகமம் என்றும் நாம் அழைக்கும் எபிரேய நூலின் 32-ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மொழிபெயர்ப்பாளரைத் திணறவைக்கும் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

யாக்கோபு ஏசாவிடம் நேரில் பேசவில்லை. தன் ஆட்களிடம் பேசுகிறான். அந்த ஆட்கள் ஏசாவிடம் போய்ச் சில சொற்களைச் சொல்ல வேண்டும். அந்தச் சொற்களுக்குள் யாக்கோபின் செய்தி, “நான்” என்று தொடங்கி, அவன் குரலிலேயே இருக்கிறது. கதைசொல்லியின் குரலையும் சேர்த்தால் நான்கு அடுக்குகள்: கதைசொல்லி, ஆட்களுக்குக் கட்டளையிடும் யாக்கோபு, ஏசாவின் முன் நிற்கும் ஆட்கள், அவர்கள் வாயிலாகப் பேசும் யாக்கோபு. இத்தனையும் எபிரேயத்தில் இரண்டு சிறு வசனங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழ் வேதாகமங்களில் அவை 32:4, 5. எபிரேயப் பதிப்புகளில் இந்த அதிகாரத்தின் எண்கள் ஒன்று கூடுதலாக ஓடும்.

எபிரேய மூலத்தில் மேற்கோள் குறிகள் கிடையாது. பேச்சு தொடங்கும் இடத்தை அந்த மொழி சொற்களாலேயே காட்டுகிறது. “சொன்னான்” என்ற வினை பேச்சுக்கு முன்னால் வரும். பல இடங்களில் அதையடுத்து “லேமோர்” என்ற சிறு சொல்லும் வரும். இனி வருவது ஒருவர் வாய்ச்சொல் என்று அது அறிவிக்கிறது. தூதன் வழியாக வரும் செய்தி என்றால் “இன்னார் சொல்வது இதுவே” என்ற வாய்பாடு முன்னால் நிற்கும். ஆக, தொடக்கம் தெளிவாக இருக்கிறது. முடிவைக் காட்டத்தான் வழக்கமாக எந்தச் சொல்லும் இல்லை. பேச்சு முடிந்து கதைசொல்லி திரும்பிவிட்டார் என்பதை வாசிப்பவர் பொருளைக் கொண்டு உணர்ந்துகொள்ள வேண்டும்.

தமிழின் இயல்பு இதற்கு நேர்மாறானது. நம் மொழியில் “என்று” என்ற சொல் பேச்சின் முடிவில் வருகிறது. ஒருவர் பேச்சு எங்கே முடிந்தது என்பதில் தமிழ் வாக்கியம் சந்தேகம் வைப்பதில்லை. எங்கே தொடங்கியது என்பதைத்தான் மேற்கோள் குறி இல்லாவிட்டால் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும். எனவே எபிரேயத்திலிருந்து தமிழுக்கு வருபவருக்கு இரட்டை வேலை. மூலம் சொல்லாமல் விட்ட முடிவை அவரே கண்டுபிடித்து “என்று” போட வேண்டும். மூலம் தெளிவாகச் சொன்ன தொடக்கத்தைத் தமிழில் தொலைத்துவிடாமல் காக்கவும் வேண்டும்.

யாக்கோபின் கட்டளையைத் தமிழ் வாக்கிய அமைப்பில் அப்படியே போட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள்:

யாக்கோபு தன் ஆட்களிடம் என் தலைவர் ஏசாவிடம் உங்கள் ஊழியன் யாக்கோபு நான் இதுவரை லாபானிடம் தங்கியிருந்தேன் எனக்கு மாடுகளும் கழுதைகளும் ஆடுகளும் வேலையாட்களும் பணிப்பெண்களும் உண்டு உங்கள் தயவு கிடைக்கும்படி இதை என் தலைவருக்குத் தெரிவிக்கிறேன் என்று சொல்கிறான் என்று சொல்லுங்கள் என்று கட்டளையிட்டான்.

இலக்கணப்படி இதில் பிழை சொல்ல முடியாது. மூன்று பேச்சுகளுக்கு மூன்று “என்று” இருக்கிறது. ஆனால் மூன்றும் வாக்கியத்தின் வாலில் குவிந்துவிட்டன. முதல் வரியிலேயே “என் தலைவர்”, “உங்கள் ஊழியன்”, “நான்” என்று மூன்று தன்மை, முன்னிலைச் சொற்கள் வந்துவிடுகின்றன. அவை யாருடையவை என்று தெரிய வாசகர் வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டும். கடைசியில் வந்து சேரும் “என்று சொல்கிறான் என்று சொல்லுங்கள் என்று” என்ற தொடர் ஒரே ஓசையாகக் காதில் விழுகிறது. எந்த “என்று” எந்தப் பேச்சை மூடுகிறது என்று நின்று எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பழைய திருப்புதல் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தது. “அவனை நோக்கி” என்று எழுதி முக்காற்புள்ளி போட்டுப் பேச்சைத் தொடங்கும். “என்றான்” என்று முடிக்கும். முக்காற்புள்ளி திறக்கிறது, “என்றான்” மூடுகிறது. ஒரே ஒரு பேச்சு இருக்கும் இடத்தில் இந்த இணை கச்சிதமாக வேலை செய்கிறது. கேட்பவருக்கும் இனிமையாக இருக்கிறது. பேச்சுக்குள் பேச்சு வந்தால்தான் தடுமாற்றம். எல்லா முக்காற்புள்ளிகளும் ஒரே மாதிரி இருப்பதால், எது வெளி அடுக்கைத் திறந்தது, எது உள் அடுக்கைத் திறந்தது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு மேற்கோள் குறிகளைப் பயன்படுத்துகிறது. வெளிப் பேச்சுக்கு இரட்டைக் குறி, உள்பேச்சுக்கு ஒற்றைக் குறி, அதற்கும் உள்ளே போனால் மீண்டும் இரட்டைக் குறி என்பதுதான் இன்று தமிழ் அச்சில் பரவலாக உள்ள வழக்கம்.

ஆனால் குறிகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. இந்த நூல் கோயிலிலும் வீட்டிலும் உரக்க வாசிக்கப்படுவது. வாசிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் குறி, கேட்பவரின் காதுக்குத் தெரியாது. காதுக்கு எட்டுபவை சொற்கள் மட்டுமே. ஆகவே குறிகளும் சொற்களும் தனித்தனியே அடுக்குகளைக் காட்ட வேண்டும். ஒன்றை நீக்கினாலும் மற்றது தாங்க வேண்டும்.

அதற்கு முதல் வழி, “யார் யாரிடம் பேசுகிறார்” என்பதைப் பேச்சுக்கு முன்னால் கொண்டுவருவது. எபிரேயமும் இதைத்தான் செய்கிறது. தமிழிலும் “அவன் இட்ட கட்டளை இது”, “அவன் சொல்லி அனுப்பிய செய்தி இது” என்றெல்லாம் இயல்பாகச் சொல்லலாம். அப்படித் தொடங்கிய பேச்சுக்கு முடிவில் “என்று” கட்டாயம் இல்லை. குவியும் மூன்று “என்று”களில் இரண்டு இப்படிக் குறைந்துவிடும்.

இரண்டாவது வழி, மரியாதைச் சொற்கள். எபிரேயத்தில் நீ, நீங்கள், தாங்கள் என்ற படிநிலை இல்லை. தமிழில் உண்டு. இந்தச் செல்வத்தை அடுக்குகளைப் பிரிக்கப் பயன்படுத்தலாம். யாக்கோபு தன் ஆட்களை “நீங்கள்” என்கிறான். அந்த ஆட்கள் ஏசாவைத் “தாங்கள்” என்கிறார்கள். அப்படியானால் “நீங்கள்” காதில் விழும்போதெல்லாம் வெளி அடுக்கு, “தங்கள்” காதில் விழும்போதெல்லாம் உள் அடுக்கு. மேலே காட்டிய வாக்கியத்தில் “உங்கள் ஊழியன்” என்று எழுதியதும் ஒரு குழப்பத்துக்குக் காரணம். ஆட்களிடம் பேசிக்கொண்டிருந்த யாக்கோபு, தான் அந்த ஆட்களின் ஊழியன் என்று சொல்வதுபோல ஒரு கணம் ஒலிக்கிறது.

இந்த இரண்டையும் வைத்து அதே பகுதியைத் திருப்பி எழுதினால்:

யாக்கோபு அவர்களுக்கு இட்ட கட்டளை இது: “என் தலைவர் ஏசாவிடம் போய், ‘தங்கள் ஊழியன் யாக்கோபு சொல்லி அனுப்பிய செய்தி இது: “நான் இதுவரை லாபானிடம் தங்கியிருந்தேன். எனக்கு மாடுகளும், கழுதைகளும், ஆடுகளும், வேலையாட்களும், பணிப்பெண்களும் உண்டு. தங்கள் தயவு எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக என் தலைவருக்கு இதைத் தெரிவிக்கிறேன்”’ என்று சொல்லுங்கள்.”

இதில் பேச்சை மூடும் “என்று” ஒன்றுதான் இருக்கிறது. நடு அடுக்கை அது மூடுகிறது. வெளி அடுக்கும் உள் அடுக்கும் “இது” என்ற சொல்லோடு திறந்ததால், காதுக்கு அவற்றின் தொடக்கம் தெரிகிறது. அடுத்த வாக்கியத்தில் ஆட்கள் ஏசாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். கதைசொல்லி பேசத் தொடங்கிவிட்டார் என்று அதிலேயே புரிந்துவிடும்.

நிறுத்தற்குறிகளில் கவனிக்க வேண்டியவை சில. “என்று” தொடரும்போது அதற்கு முன் முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் வேண்டாம். கேள்விக்குறி, வியப்புக்குறி மட்டும் மேற்கோளுக்குள்ளேயே தங்கும். “என்று” அடுத்த சொல்லோடு வல்லெழுத்து மிகாமல் வரும். “என” என்று சுருக்கினால் “எனச் சொன்னான்”, “எனக் கேட்டான்” என்று மிகும். மேற்கோள் குறி போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் கடைசிச் சொல்லையும் “என்று” என்பதையும் சந்தியில் பிணைக்கக் கூடாது. குறியில்லாமல் “வாவென்று” எழுதலாம். குறியிட்டால் “‘வா’ என்று” என்பதே சரி. கடைசியாக, திறந்த குறிகளும் மூடிய குறிகளும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். மேலே உள்ள பகுதியில் மூன்று திறப்பு, மூன்று மூடல். அச்சுக்குப் போகும் படிகளில் அதிகம் தவறிப்போவது, அடுத்தடுத்து வரும் இரண்டு மூடல்களில் ஒன்று.

இனி இதே வசனத்தில் இன்னும் நுட்பமான ஒரு கேள்வி இருக்கிறது. “என் தலைவர் ஏசா” என்பது யாருடைய சொல்? மேலே எழுதியபடி அது யாக்கோபு தன் ஆட்களிடம் பேசும்போது சொல்வது. தன் வேலையாட்கள் எதிரிலேயே அண்ணனைத் தலைவர் என்று தாழ்ந்து பேசுகிறான் என்று ஆகிறது. உள் மேற்கோளைத் திறக்கும் குறியை மூன்று சொற்கள் முன்னே நகர்த்தினால் படம் மாறிவிடும்:

“நீங்கள் போய், ‘என் தலைவர் ஏசாவுக்கு, தங்கள் ஊழியன் யாக்கோபு சொல்லி அனுப்பிய செய்தி இது: …’ என்று சொல்லுங்கள்.”

இப்போது “என் தலைவர்” என்பது செய்தியின் முகப்பு விளிப்பு. பண்டைய மேற்காசியக் கடிதங்கள் இந்த வடிவில்தான் தொடங்கின. எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த களிமண் பலகைக் கடிதங்களில் சிற்றரசர்கள் பேரரசனைத் தங்கள் தலைவன் என்றும், தங்களை அவனுடைய ஊழியன் என்றும் குறிப்பிட்டே எழுதினார்கள்.

எபிரேயச் சொற்கள் இரண்டு வாசிப்புக்கும் இடம் தருகின்றன. வசனங்களுக்கு ஓசைக்குறி இட்டுப் பாதுகாத்த மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள், வசனத்தின் நடுவே வரும் பெரிய நிறுத்தத்தை ஏசாவின் பெயருக்குப் பின் வைத்தார்கள். அது முதல் வாசிப்புக்குச் சாதகம். ஆனால் அந்தக் குறிகள் வாசிப்பின் நிறுத்தங்களைக் காட்டுபவை. மேற்கோளின் எல்லையைக் காட்ட அவை ஏற்படவில்லை. அதே அதிகாரத்தைக் கொஞ்சம் தள்ளிப் படித்தால் இரண்டாவது வாசிப்புக்கு வலுவான சான்று கிடைக்கிறது. 17-ஆம் வசனத்தில் யாக்கோபு முதல் மந்தையை ஓட்டிச் செல்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்:

“என் அண்ணன் ஏசா உன்னைச் சந்தித்து, ‘நீ யாருடைய ஆள்? எங்கே போகிறாய்? உன் முன்னால் போகும் இவை யாருக்கு உரியவை?’ என்று கேட்டால், ‘இவை தங்கள் ஊழியன் யாக்கோபுக்கு உரியவை. என் தலைவர் ஏசாவுக்கு அனுப்பப்பட்ட அன்பளிப்பு. இதோ, அவனும் எங்கள் பின்னால் வருகிறான்’ என்று சொல்.”

தன் சொந்தக் குரலில் பேசும்போது யாக்கோபு “உடன்பிறந்தான்” என்கிறான். இரட்டையரில் ஏசா மூத்தவன் என்பதால் தமிழில் அது “அண்ணன்” ஆகிறது. ஆள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் “என் தலைவர் ஏசா” என்கிறான். 19-ஆம் வசனத்தில் மற்ற ஆட்களுக்குக் கட்டளையிடும்போதும் தன் குரலில் வெறுமனே ஏசா என்றுதான் சொல்கிறான். இந்த ஒழுங்கைப் பார்த்தால் 4-ஆம் வசனத்தின் “என் தலைவர்” என்பதும் ஆட்களின் வாயில் வைக்கப்பட்ட மரியாதை என்றே தோன்றுகிறது. வீட்டுக்குள் அண்ணன், செய்தியில் தலைவர். யாக்கோபின் எச்சரிக்கையான குணத்தை அறிய உதவும் இந்த வேறுபாடு, ஒரு மேற்கோள் குறியின் இடத்தைப் பொறுத்துத் தமிழ் வாசகருக்குக் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும்.

மந்தை ஓட்டுபவனுக்குச் சொன்ன இந்தப் பகுதியில் தமிழ் தன் இயல்பிலேயே எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதையும் பார்க்கலாம். ஏசாவின் கேள்வி “என்று கேட்டால்” என்று முடிகிறது, ஆளின் பதில் “என்று சொல்” என்று முடிகிறது. இரண்டு முடிவுகளும் தூரமாக இருப்பதாலும், வேறுவேறு வினைகளைப் பற்றிக்கொண்டிருப்பதாலும் குழப்பமே இல்லை. உரக்க வாசித்தாலும் கேள்வி எது, பதில் எது என்று புரிகிறது. ஆகவே “என்று” பல தடவை வருவதால் கெடுதல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதும், ஒரே “சொல்” என்ற வினையோடு திரும்பத் திரும்ப வருவதும்தான் கெடுதல். கேட்டால், கட்டளையிட்டான், பதிலளித்தான், எண்ணினான் என்று வினையை மாற்றினாலே அடுக்குகள் பிரிந்து தெரியும்.

முடிவைத் தவறான இடத்தில் வைத்தால் கதையே எப்படிக் கவிழும் என்பதை 20-ஆம் வசனம் காட்டுகிறது. ஆட்கள் சொல்ல வேண்டிய சொற்களை யாக்கோபு மறுபடியும் சொல்கிறான்: யாக்கோபு எங்கள் பின்னால் வருகிறான் என்று சொல்லுங்கள். அதையடுத்து எபிரேயத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் “ஏனெனில் அவன் சொன்னான்” என்று வந்து, முன்னே போகும் அன்பளிப்பால் கோபத்தை ஆற்றுவேன், பிறகு சந்திப்பேன் என்ற திட்டம் தொடர்கிறது. முந்தைய பேச்சு முடிந்துவிட்டதா என்று மூலத்தின் சொற்கள் கூறவில்லை. மொழிபெயர்ப்பாளர் அயர்ந்தால் தமிழ் இப்படி ஆகிவிடும்:

“‘இதோ, தங்கள் ஊழியன் யாக்கோபும் எங்கள் பின்னால் வருகிறான், ஏனெனில் முதலில் அன்பளிப்பைக் கொடுத்துக் கோபத்தை ஆற்றுவேன், பிறகு சந்திப்பேன், ஒருவேளை என்னை ஏற்றுக்கொள்வார் என்று அவன் சொன்னான்’ என்று சொல்லுங்கள்.”

யாக்கோபின் உள்மனத் திட்டத்தை ஆட்கள் ஏசாவிடமே போய் ஒப்பித்துவிடுகிறார்கள்! கோபத்தை ஆற்றத்தான் இந்த ஆடுமாடுகள் என்று எதிராளியிடமே சொல்லச் சொன்னால், பயந்து, கணக்குப் போட்டு, மந்தை மந்தையாக அன்பளிப்பு அனுப்பியதற்குப் பொருளே இல்லை. “ஏனெனில்” என்பதற்கு முன்பே இரண்டு அடுக்குகளும் மூடப்பட்டிருக்க வேண்டும்:

“‘இதோ, தங்கள் ஊழியன் யாக்கோபும் எங்கள் பின்னால் வருகிறான்’ என்று நீங்கள் சொல்ல வேண்டும்” எனக் கட்டளையிட்டான். ஏனெனில், ‘முன்னே போகும் அன்பளிப்பால் அண்ணனின் கோபத்தை ஆற்றுவேன், பிறகு நேரில் சந்திப்பேன், ஒருவேளை என்னை ஏற்றுக்கொள்வான்’ என்று அவன் தனக்குள் எண்ணியிருந்தான்.

இங்கே “எனக் கட்டளையிட்டான்” என்பதற்கு இணையாக எபிரேயத்தில் எந்தச் சொல்லும் இல்லை. ஆனாலும் அது மூலத்துக்குச் சேர்த்த ஒட்டு ஆகாது. முடிவை மூலம் பொருளால் காட்டியதைத் தமிழ் சொல்லால் காட்டுகிறது. எபிரேயத்தின் “சொன்னான்” என்ற அதே வினை, மனத்துக்குள் சொல்லிக்கொள்வதையும் குறிக்கும். தமிழில் “எண்ணினான்” என்று பிரித்து எழுதியவுடன், இது யாரும் கேட்காத பேச்சு என்று காதுக்கும் தெரிந்துவிடுகிறது. மசோரெத்தியரின் பெரிய நிறுத்தமும் இந்த வசனத்தில் சரியாக “ஏனெனில்” என்பதற்கு முன்னால் நிற்கிறது.

உள்பேச்சை அயற்கூற்றாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். “தான் லாபானிடம் தங்கியிருந்ததாகவும், தனக்கு ஆடுமாடுகள் உண்டு எனவும் யாக்கோபு தெரிவிக்கிறான்” என்று எழுதினால் ஓர் அடுக்கு குறையும். மேற்கோள் குறியும் ஒன்று மிச்சம். ஒருவர் போகிற போக்கில் இன்னொருவர் சொன்னதைக் குறிப்பிடும் இடங்களில் இது நல்ல வழி. ஆனால் தூதன் கொண்டுபோகும் செய்திக்குப் பொருந்தாது. அந்தக் காலத்தில் தூதன் அனுப்பியவரின் குரலாகவே நின்று “நான்” என்று பேசினான். அந்த “நான்” போய்விட்டால், யாக்கோபே அண்ணன் முன் நின்று மன்றாடும் தொனியும் போய்விடும்.

அடுக்குகள் இதைவிட ஆழமாகும் இடங்களும் உண்டு. 2 அரசர் 18-இல் அசீரிய மன்னன் சனகெரிபின் அதிகாரி, எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று எசேக்கியாவின் அலுவலர்களிடம் பேசுகிறான். எசேக்கியாவிடம் சொல்லுங்கள் என்கிறான். மாமன்னர் சொல்வது இது என்கிறான். அந்தச் செய்திக்குள் யூதா மக்களின் பதிலையும், எசேக்கியா தன் மக்களுக்கு இட்ட ஆணையையும் மேற்கோள் காட்டுகிறான். கதைசொல்லியை விட்டுவிட்டாலே நான்கு அடுக்கு. அதில் “நீங்கள் சொன்னால்” என்று பன்மையில் வரும் இடம், இதே பேச்சைத் தரும் எசாயா 36-இல் “நீ சொன்னால்” என்று ஒருமையில் இருக்கிறது. யாரை நோக்கிய பேச்சு என்பதில் இரண்டு நூல்களுமே ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் குறிக்குள் குறி என்று போய்க்கொண்டே இருப்பதைவிட, மாமன்னனின் செய்தியை மட்டும் உள்ளே தள்ளித் தனிப் பத்தியாக அச்சிட்டு, அதற்கு மேற்கோள் குறியே இடாமல், அதனுள் வரும் பேச்சுகளுக்கு மட்டும் குறியிடுவது நல்லது. செய்தி பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் திறப்புக் குறியைப் போட்டு, கடைசிப் பத்தியில் மட்டும் மூடும் பழக்கமும் அப்போது தேவைப்படாது.

மொழிபெயர்த்த பகுதி தேறிவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. புத்தகத்தைக் கையில் தராமல் ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு “நான்” யார், ஒவ்வொரு “தாங்கள்” யார் என்று கேட்க வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் குறியை மாற்றிப் பயனில்லை. பேசுபவர் பெயரை முன்னால் கொண்டுவர வேண்டும், அல்லது முடிவு வினையை மாற்ற வேண்டும். வாசிப்பு தெளிவாக இருந்தும் மூலமே இரண்டு பக்கமும் இடம் கொடுக்கிறது என்றால், 4-ஆம் வசனத்தின் “என் தலைவர்” போல, ஒரு முடிவை எடுத்து உடலில் அச்சிட்டு, மற்றதை அடிக்குறிப்பில் முழு வாக்கியமாகக் கொடுத்துவிட வேண்டும். மேற்கோள் குறியின் இடத்தைத் தீர்மானித்தவர் மொழிபெயர்ப்பாளர்தான் என்பது அப்போதுதான் வாசகருக்குத் தெரியவரும். மூலத்தின் சொற்களை எடைபோட்டுத் தாமும் ஒரு முடிவுக்கு வரும் உரிமை அவருக்குக் கிடைக்கும்.